கூட்டாமல் குறைக்காமல்

பிரிட்டனில் தஞ்சம் கேட்ட ஈழத்தமிழர் ஒருவருக்கு உள்துறை அமைச்சகம் அனுப்பும் நிராகரிப்புக் கடிதம் பல பக்கம் ஓடும். உங்களை யாரும் அடிக்கவில்லை என்று அதில் நேராக எழுதியிருப்பது அபூர்வம். முதல் நேர்காணலில் ஒரு தேதி சொன்னீர்கள், அடுத்ததில் வேறு தேதி. அங்கே ஒரு சகோதரன், இங்கே இரண்டு பேர். கண்ணால் பார்த்ததாகச் சொன்னீர்கள், பிறகு கேள்விப்பட்டதாகச் சொல்கிறீர்கள். இப்படி அடுக்கிவிட்டு, ஆகவே உங்கள் பேச்சை நம்புவதற்கில்லை என்று முடியும்.

இதை எதிர்த்து முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்ய 14 நாள் அவகாசம். அந்த மேன்முறையீட்டுக்கு முதுகெலும்பு, மனுதாரர் தன் கதையைத் தன் வாயால் சொல்லி, பத்தி பத்தியாக எண்ணிட்டுக் கையெழுத்து வைக்கும் வாக்குமூலம். விசாரணை நாளில் அவரை நிறுத்தி முதலிலிருந்து கதை கேட்கமாட்டார்கள். "இது உங்கள் வாக்குமூலமா, இதிலுள்ளது உண்மையா?" என்று கேட்பார்கள். ஆம் என்றதும் அந்தத் தாள்களே அவருடைய சாட்சியம் ஆகிவிடும். அடுத்த நிமிடம் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை தொடங்கும். அவர் பேசியது தமிழ். நீதிபதி கையில் இருப்பது ஆங்கிலம். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

அந்த மொழிபெயர்ப்பாளரின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உணர்ச்சி சம்பந்தப்பட்டதாகத்தான் தோன்றும். கொடுமையைக் கேட்டு எழுதுவது எப்படி, மனம் தாங்குமா என்றுதான் கேட்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் மேன்முறையீடுகள் பெரும்பாலும் சறுக்குவது வேறிடத்தில். சொன்னவருக்கு எவ்வளவு தெரியும் என்பதன் அளவு மொழிபெயர்ப்பில் மாறிப்போகிற இடத்தில்.

ஒரு வாக்குமூலத் துண்டைப் பார்ப்போம். இது எந்த ஒரு தனி ஆளுடையதும் அல்ல. இத்தகைய வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருகிறவற்றைக் கோத்து நானே அமைத்தது.

"வைகாசி இருவது போல இருக்கும். விடியப்புறம் வந்தவை. சிவில் உடுப்பு. ரெண்டு பேர் சிங்களம் கதைச்சவை, ஒராள் தமிழ். விசாரிக்கவேணும் எண்டு சொல்லிப் பிடிச்சுக்கொண்டு போனவை. தம்பியையும் அண்டைக்குத்தான் கொண்டுபோனவையாம், அம்மா பிறகு சொன்னவ. அங்க ஒரு அறைக்குள்ள வச்சு எஸ்லோன் பைப்பால அடிச்சவை. ஷொப்பிங் பையுக்க பெற்றோல் விட்டு முகத்தில கட்டினவை. கம்பியைக் காய்ச்சிக் கையில சுட்டவை. மயங்கிட்டன். முதுகிலயும் சுட்டிருக்கினம். ஒரு நாள் இரவு ரெண்டு பேர் வந்து கூடாத வேலை செய்தவை. அதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்ல. கடைசியா ஒரு சிங்களப் பேப்பரில கையெழுத்து வாங்கினவை. மாமா காசு குடுத்து எடுத்தவர்."

முதல் சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு வைகாசி என்றால் மே நடுவில் பிறக்கும் மாதம். வைகாசி இருபது ஏறக்குறைய ஜூன் மூன்று. ஈழத்துப் பேச்சுவழக்கில் அப்படியல்ல. அங்கே ஆங்கில மாதங்களையே தமிழ்ப் பெயரால் சொல்வார்கள். தை என்றால் ஜனவரி, வைகாசி என்றால் மே, கார்த்திகை என்றால் நவம்பர். மாவீரர் நாளைக் கார்த்திகை 27 என்பார்கள். அது நவம்பர் 27தான், பஞ்சாங்கத்துக் கார்த்திகை 27 அல்ல. ஆகவே இங்கே சொல்லப்பட்டது மே 20. இந்த வழக்கம் தெரியாத ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஜூன் மூன்று என்று அக்கறையாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தால், நேர்காணலில் பதிவான மே மாதத்துக்கும் வாக்குமூலத்து ஜூனுக்கும் நடுவே ஒரு முரண்பாடு உண்டாகிவிடும். மனுதாரர் செய்யாத முரண்பாடு அது.

அதே வாக்கியத்தில் "போல இருக்கும்" என்றும் இருக்கிறது. மாதத்தைவிட இதுதான் அடிக்கடி தொலைந்துபோகிறது. அவருக்குத் தேதி திட்டமாகத் தெரியாது. இருபதை ஒட்டி என்று மட்டும் தெரியும். ஆங்கிலத்தில் "மே 20 அன்று" என்று எழுதினால் வாக்கியம் நிமிர்ந்து அழகாக நிற்கும். ஆனால் தாயாரின் கடிதத்தில் மே 22 என்று இருந்தால், அந்த நிமிர்ந்த வாக்கியம் அவரைப் பொய்யர் ஆக்கிவிடும். "ஏறக்குறைய மே 20 இருக்கலாம்" என்று அவர் சொன்னபடியே விட்டிருந்தால் இரண்டு நாள் வித்தியாசம் ஒரு பொருட்டாகியிருக்காது.

"பிடிச்சுக்கொண்டு போனவை" என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் முந்திக்கொண்டு வரும். ஒன்று அரெஸ்ட், மற்றது கடத்தல். இரண்டுமே அவர் சொல்லாத எதையோ சொல்கின்றன. அரெஸ்ட் என்றால் ஆணை காட்டினார்களா, எந்தப் பொலிஸ் நிலையம், பதிவு எங்கே என்று கேள்விகள் வரும். கடத்தல் என்றால் வந்தவர்கள் அரசாங்கத்து ஆட்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று வேறு வரிசையில் வரும். சிவில் உடுப்பில் வந்தவர்கள் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "கொண்டுபோனார்கள்" என்ற சாதாரண ஆங்கில வினைச்சொல் போதும். அது சட்டப்படி கைதா, ஆட்கடத்தலா என்று வாதாடுவது வழக்கறிஞரின் வேலை.

இனி இந்தத் துண்டின் நடுவே இருக்கும் மூன்று வினைமுற்றுகளுக்கு வருவோம். "கையில சுட்டவை." "தம்பியைக் கொண்டுபோனவையாம்." "முதுகிலயும் சுட்டிருக்கினம்." தமிழ் காதில் விழுகிற யாருக்கும் இந்த மூன்றும் ஒன்றல்ல என்று யோசிக்காமலே தெரியும். முதலாவது அவர் பட்டது. இரண்டாவது அவர் கேள்விப்பட்டது. "ஆம்" என்ற சின்ன ஒட்டு அதைச் சொல்லிவிடுகிறது. மூன்றாவது, நடந்தபோது தெரியாமல் பிறகு கண்டுகொண்டது. "இருக்கினம்" அந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தில் மூன்றையும் ஒரே இறந்தகாலத்தில் அடைத்துவிடலாம். பிழை என்று எந்த இலக்கண ஆசிரியரும் சொல்லமாட்டார். ஆனால் சாட்சியம் கெட்டுவிடும். தம்பியைக் கொண்டுபோனார்கள் என்று மொட்டையாக எழுதிவிட்டால் குறுக்கு விசாரணையில், "உங்களைக் கொண்டுபோன நாளில் தம்பியைக் கொண்டுபோனதை எங்கிருந்து பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். நான் பார்க்கவில்லை என்று அவர் உள்ளதைச் சொல்வார். சொன்ன மாத்திரத்தில் வாக்குமூலத்தை மாற்றிப் பேசுகிறவர் ஆகிவிடுவார். "அம்மா பிறகு என்னிடம் சொன்னதன்படி" என்ற சில சொற்களை மொழிபெயர்ப்பாளர் சிக்கனம் பிடிக்காமல் எழுதியிருந்தால் இது நேராது.

மூன்றாவது வினைமுற்றின் கனம் எவ்வளவு என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. கே.வி. என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் இலங்கைத் தமிழர் ஒருவரின் மேன்முறையீட்டை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்த்தது. தன்னைத் தடுத்து வைத்திருந்தபோது காய்ச்சிய இரும்புக் கம்பியால் கையில் சுட்டார்கள், வலியில் நினைவிழந்தேன், நினைவில்லாதபோது முதுகில் சுட்டார்கள் என்பது அவர் கூற்று. மருத்துவர் பார்த்தபோது முதுகுத் தழும்புகளின் ஓரம் தெளிவாக, சீராக இருந்தது. உணர்வோடு இருக்கும் ஒருவரைச் சுட்டால் அவர் துடிப்பார், திமிறுவார், ஓரம் கலங்கிப்போகும். தஞ்சம் பெறுவதற்காக அவரே யாரையோ கொண்டு, மயக்க மருந்தின் துணையோடு சுடுவித்துக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தின் பக்கம் மேல்நிலைத் தீர்ப்பாயம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. ஒருவர் தன் உடம்பில் இப்படிச் சூடு போடுவித்துக்கொள்வது மிக மிக அபூர்வம் என்று சுட்டிக்காட்டி, வழக்கை மீண்டும் விசாரிக்க அனுப்பியது.

இந்த வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு நம் துண்டில் வரும் "மயங்கிட்டன்" என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் மயக்கம் என்பது தலைசுற்றலும் ஆகும், கண் இருட்டுவதும் ஆகும், முழுதாக நினைவு தப்புவதும் ஆகும். பசி மயக்கம் என்கிறோம். அதில் யாரும் நினைவிழப்பதில்லை. ஆங்கிலத்தில் தலைசுற்றியது என்று எழுதினால் தழும்பின் ஓரம் அவருக்கு எதிராகத் திரும்பும். நினைவிழந்தேன் என்று எழுதினால் அவருக்குச் சாதகம். ஆனால் சாதகம் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. தானாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் இல்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று தோன்றும். கேட்கிற விதத்திலேயே பதிலை ஊட்டிவிட முடியும் என்பதால்தான் அந்தத் தடை.

அப்போது என்ன செய்வது? இந்தச் சொல் தமிழில் இன்னின்ன பொருளெல்லாம் தரும், எது என்று எனக்குத் தெரியவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் வழக்கறிஞரிடம் ஆங்கிலத்தில் சொல்வார். வழக்கறிஞர், "அப்போது உங்களுக்கு என்ன நடந்தது?" என்று திறந்த கேள்வியாகக் கேட்பார். அது தமிழாகிப் போகும்: "தம்பி, மயங்கினனான் எண்டு சொன்னீங்கள். அந்த நேரம் உங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறா." பதில் வரும்: "ஒண்டும் தெரியேல்ல அக்கா. முழிக்கேக்க நிலத்தில குப்புறக் கிடந்தனான். முதுகு எரிஞ்சது." இந்தப் பதிலில் நினைவிழந்தேன் என்ற சொல்லே இல்லை. ஆனால் விழித்தபோது குப்புறக் கிடந்தது, முதுகு எரிந்தது என்ற இரண்டு விவரம் கிடைத்துவிட்டது. மருத்துவர் தழும்போடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடியவை அவை. எழுத வேண்டியதும் அவற்றைத்தான்.

கையெழுத்து வாங்கிய சிங்களப் பேப்பரும் இதே வகை. அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளருக்கு அது என்ன பேப்பராக இருக்கும் என்று தெரியும். இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அதனால் வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கிய கதை எத்தனையோ பேரிடம் இருக்கிறது. தெரிந்ததால்தான் கை பரபரக்கும். "ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன்" என்று எழுதிவிடத் தோன்றும். அப்புறம், சிங்களம் வாசிக்கத் தெரியாது என்றீர்களே, அது ஒப்புதல் வாக்குமூலம் என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு மனுதாரர்தான் விழிக்க வேண்டும். அவருக்கு அது சிங்களப் பேப்பர். ஆங்கிலத்திலும் அது சிங்களப் பேப்பராகவே இருக்கட்டும்.

இப்போது உணர்ச்சிக்கு வரலாம். இங்கே இரண்டு பக்கமும் வழுக்கும். இரக்கம் மிகுந்தவர்கள் கூட்டுவார்கள். "எஸ்லோன் பைப்பால அடிச்சவை" என்ற மூன்று சொல், "ஈவிரக்கமின்றி மிருகத்தனமாகத் தாக்கினார்கள்" என்று ஆகிவிடும். கூடவே பைப் காணாமல் போய்விடும். எஸ்லோன் என்பது இலங்கையில் குடிநீர்க் குழாய்க்குப் பேர்போன பிராண்டு, அங்கே பி.வி.சி. குழாய் எதுவானாலும் எஸ்லோன் பைப்தான். இலங்கையில் காவலில் அடிபட்டவர்களின் கூற்றுகளில் அது திரும்பத் திரும்ப வருவதால், நாட்டு நிலவரம் படித்த நீதிபதிக்கு ஈவிரக்கமின்றி என்பதைவிட அந்தக் குழாய் நூறு மடங்கு பேசும். பெயரடை மொழிபெயர்ப்பாளருடையது, குழாய் மனுதாரருடையது. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே மொழிபெயர்ப்பாளரின் கை பட்ட பல வாக்குமூலங்களில் அதே மிருகத்தனம், அதே ஈவிரக்கம் வந்துகொண்டிருந்தால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைத்துவிடும்.

மற்றப் பக்கத்தில் குறைப்பவர்கள். இவர்கள் பெரும்பாலும் அலுவலகத் தமிழிலும் அலுவலக ஆங்கிலத்திலும் ஊறியவர்கள். அடித்தார்கள், கட்டினார்கள், சுட்டார்கள் என்ற வரிசை இவர்களிடம் "உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு உள்ளாக்கப்பட்டேன்" என்று சுருங்கிவிடும். நாகரிகமாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். என் கணிப்பில் கூட்டுவதைவிட இது மோசம். மிகையை நீதிபதி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இல்லாமல் போன பெற்றோல் பையை எங்கிருந்து எடுப்பார்?

மனுதாரர் பேசுகிற தொனி இந்த இரண்டிலும் இல்லை என்பது கவனிக்க வேண்டியது. நம் துண்டில் ஒரு பெயரடைகூடக் கிடையாது. எல்லாம் குட்டை வாக்கியங்கள், வினைச்சொல்லில் வந்து நிற்பவை. கொடுமையை அனுபவித்தவர்கள் பலர் இப்படித்தான், யாருக்கோ நடந்ததைப் போல ஒட்டாமல் சொல்வார்கள். அந்த வறட்சியை மறைத்து ஈரம் பூசினால் ஆள் மாறிவிடுவார். மருத்துவ அறிக்கையில் மனநல நிபுணர் "உணர்ச்சியின்றித் தட்டையாகப் பேசினார்" என்று எழுதியிருக்க, வாக்குமூலம் கண்ணீரில் நனைந்திருந்தால் இரண்டில் எதை நம்புவது? குட்டை வாக்கியம் குட்டையாகவே போகட்டும். ஒரே சொல்லை அவர் மூன்று தரம் சொன்னால் ஆங்கிலத்திலும் மூன்று தரம் வரட்டும். அழகுக்காக மாற்றுச்சொல் தேடுவது கட்டுரையில் செய்கிற வேலை.

மனநிலையைச் சொல்லும் ஈழத்துத் தொடர்கள் சில தனிக் கவனம் கேட்பவை. "எந்த நேரமும் யோசனை" என்றால் தமிழ்நாட்டுக் காதுக்கு ஏதோ திட்டம் போடுகிறார் என்று கேட்கும். அங்கே அது தீராத கவலை, அதிலேயே மூழ்கிக் கிடப்பது. "செத்தா நல்லம் எண்டு இருந்தது" என்பது சலிப்பில் சொல்கிற பேச்சாகவும் இருக்கலாம், தற்கொலை எண்ணமாகவும் இருக்கலாம். சும்மா சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பாளர் மெலிதாக்கிவிடக் கூடாது. சொன்னபடியே எழுதி வழக்கறிஞரின் கவனத்துக்குக் கொண்டுபோனால், மருத்துவரிடம் அனுப்புவதா என்பதை அவர் முடிவு செய்வார்.

எல்லாவற்றிலும் சிரமமான வரி "கூடாத வேலை செய்தவை" என்பது. தமிழில் இதைக் கேட்கும் யாருக்கும் பொருள் புரிந்துவிடும். "கெடுத்துப் போட்டாங்கள்", "பழுதாக்கிப் போட்டாங்கள்" என்றும் சொல்வார்கள். ஆணாயிருந்தாலும் பெண்ணாயிருந்தாலும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் முன்னே இரண்டு வழி. கெட்ட காரியம் செய்தார்கள் என்று சொல்லுக்குச் சொல் எழுதலாம். ஆங்கில வாசகருக்கு அது ஒன்றுமே இல்லாததாகப் படும், சட்டப்படி மிகப் பெரிய விஷயம் ஒன்று கண்ணுக்கு முன்னே நழுவிவிடும். அல்லது வல்லுறவு என்று எழுதலாம். அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் திணித்ததாகும், அதோடு என்ன நடந்தது என்பதை ஊகித்ததாகவும் ஆகும். நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்வது இரண்டுக்கும் நடுவே. பத்தியில் அவர் சொன்ன சொல் அப்படியே. அதன் கீழே, தன் பெயரில், தனியாகத் தெரியும்படி ஒரு குறிப்பு: தமிழில் இத்தொடர் பாலியல் வன்முறையைக் குறிக்க இடக்கரடக்கலாகப் பயன்படுவது, எந்தச் செயல் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. பிறகு வழக்கறிஞர் வேறொரு நாளில், ஆணோ பெண்ணோ அவர் விரும்பும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு கேட்பார். "அதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்ல" என்ற வரியை அநாவசியம் என்று நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. நீக்கக் கூடாது. நேர்காணலில் இதை ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்கும்போது அந்த வரிதான் பதில்.

உறவுமுறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா மகனும் தம்பிதான், பெரியப்பா மகனும் அண்ணாதான். முதல் நேர்காணலில் குடும்பத்தில் யார் யார் என்று பட்டியல் எடுத்திருப்பார்கள். அதில் இல்லாத ஒரு தம்பி வாக்குமூலத்தில் வந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். தம்பி, மாமா என்ற சொற்களைத் தமிழ் உச்சரிப்போடு வைத்துவிட்டு, உடன்பிறந்தவரா, எந்த வழி மாமா என்று கேட்டுப் போடச் சொல்லி வழக்கறிஞருக்குக் குறித்தனுப்பினால் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு வசதிக்குறைவு இருக்கிறது. பல அலுவலகங்களில் இந்த வாக்குமூலத்துக்குத் தமிழ் மூலமே கிடையாது. மனுதாரர் தமிழில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் வாயால் பெயர்க்க, வழக்கறிஞர் நேராக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார். கடைசியில் ஆங்கிலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். "சுட்டிருக்கினம்" என்று அவர் சொன்னாரா "சுட்டவை" என்று சொன்னாரா என்பதைச் சரிபார்க்கப் பிறகு எந்தத் தடயமும் இருக்காது. இங்கிலாந்தின் சிவில் நீதிமன்றங்கள் 2020 ஏப்ரலில் தங்கள் நடைமுறைக் குறிப்பைத் திருத்தி, சாட்சியின் வாக்குமூலம் அவருடைய சொந்த மொழியிலேயே எழுதப்பட வேண்டும், மொழிபெயர்ப்பு அதன் பிறகுதான் என்று தெளிவாக்கின. தஞ்ச வழக்கிலும் அந்த முறையைப் பின்பற்றத் தடையேதும் இல்லை. நேரமும் காசும்தான் இடிக்கும்.

தமிழ் மூலம் இல்லாத இடத்தில் எல்லாப் பாரமும் அந்த வாசித்துக் காட்டும் வேளையின் மேல் விழுகிறது. அதை அவசரத்தில் ஒப்பேற்றினால் தொலைந்தது. பத்தி பத்தியாக, அவருடைய வழக்கிலேயே வாசிக்க வேண்டும். மேடைத் தமிழில் வாசித்தால் களைத்துப்போன மனிதர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிடுவார். அப்போது அவர் ஒன்றைத் திருத்தினால், பழையதை அழித்து மறைக்காமல், இன்ன தேதியில் வாசித்துக் காட்டும்போது திருத்தினார் என்று எழுதி வைக்க வேண்டும். முன்பு சொன்னதோடு அவர் கூற்று முரண்பட்டால், மொழிபெயர்ப்பாளர் அதை இசைவாக்கிக் கொடுக்கக் கூடாது. முரண் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் சொல்லலாம், அவ்வளவுதான்.

விசாரணை அறையில் இருக்கப்போகும் மொழிபெயர்ப்பாளர் வேறொருவர், தீர்ப்பாயம் அமர்த்தியவர். அவர் இந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழாக்கி மனுதாரரிடம் கேட்பார். ஒன்பதாம் பத்தியில் உங்கள் தம்பியை அன்றே கொண்டுபோனார்கள் என்றிருக்கிறதே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? மனுதாரர், "அம்மா சொன்னவ" என்பார். பத்தியிலும் அம்மா சொன்னதாகவே இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பத்தாம் பத்திக்குப் போய்விடுவார்.